வெரி டயர்டு சரி, வெரி எக்ஸாஸ்டட் ஏன் சரியில்லை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஐ ஆம் வெரி டயர்டு" சொல்லலாம், "ஐ ஆம் வெரி எக்ஸாஸ்டட்" சொல்லக் கூடாது என்கிறார்கள். இரண்டும் களைப்புதானே, என்ன வித்தியாசம்?

டயர்டு என்பது கூடவும் குறையவும் செய்கிற களைப்பு. கொஞ்சம் டயர்டாக இருக்கலாம், ஓரளவு டயர்டாக இருக்கலாம், ரொம்பவும் டயர்டாக இருக்கலாம். அதனால் எவ்வளவு என்று சொல்ல எ பிட், ஃபேர்லி, வெரி, எக்ஸ்ட்ரீம்லி போன்ற சொற்கள் அதன் முன்னால் வந்து உட்காருகின்றன. இந்த வகைக்கு கிரேடபிள் அட்ஜெக்டிவ் என்று பெயர்.

எக்ஸாஸ்டட் அப்படியில்லை. அதற்குள்ளேயே 'வெரி' இருக்கிறது. வெரி டயர்டு, இனி ஒரு அடி எடுத்து வைக்க முடியாது என்கிற நிலைக்குத்தான் எக்ஸாஸ்டட் என்று பெயர். அதன் முன்னால் இன்னொரு வெரி போட்டால் காதுக்கு உறுத்தும். இந்த வகை எக்ஸ்ட்ரீம் அட்ஜெக்டிவ். சில பாடநூல்களில் ஸ்ட்ராங் அட்ஜெக்டிவ் என்றும் இருக்கும். இதற்கு அழுத்தம் கொடுக்க வேண்டுமென்றால் 'எவ்வளவு' என்று அளக்கிற சொல் உதவாது. 'முழுக்க முழுக்க' என்று அடித்துச் சொல்கிற சொல் வேண்டும். "ஐ ஆம் ஆப்சொல்யூட்லி எக்ஸாஸ்டட்" என்பது அப்படி வருவதுதான்.

மறுபக்கமும் இதே கதை. "ஐ ஆம் ஆப்சொல்யூட்லி டயர்டு" என்றாலும் ஒட்டாது. டயர்டுக்கு உச்சி என்று ஒன்று இல்லாதபோது ஆப்சொல்யூட்லி எதைப் பிடித்துக்கொள்ளும்?

ஒரு சொல் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பட்டியல் உதவும், ஆனால் அதைவிட ஒரு சோதனை கைவசம் இருப்பது நல்லது. இரண்டு சொற்களையும் "நாட் ஜஸ்ட் ..., ..." என்ற அச்சில் போட்டுப் பாருங்கள். "ஷீ இஸ் நாட் ஜஸ்ட் டயர்டு, ஷீ இஸ் எக்ஸாஸ்டட்" என்பது இயல்பாக வருகிறது. திருப்பிப் போட்டு "நாட் ஜஸ்ட் எக்ஸாஸ்டட், ஷீ இஸ் டயர்டு" என்றால் சிரிப்பு வரும். பின்னால் வந்து நிற்க முடிகிற சொல்தான் எக்ஸ்ட்ரீம்.

இதை வைத்து ஜோடிகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஹங்க்ரிக்கு மேலே ஸ்டார்விங். கோல்டுக்கு ஃப்ரீசிங், ஹாட்டுக்கு பாய்லிங். பிக்குக்கு ஹ்யூஜ் அல்லது எனார்மஸ், ஸ்மாலுக்கு டைனி. ஆங்க்ரிக்கு ஃப்யூரியஸ், ஸ்கேர்டுக்கு டெரிஃபைடு. டர்ட்டிக்கு ஃபில்தி, டேஸ்டிக்கு டெலிசியஸ், ஃபன்னிக்கு ஹிலேரியஸ், ஓல்டுக்கு ஏன்ஷியன்ட். பேடுக்கு மேலே ஆஃபுல், டெரிபிள், ஹாரிபிள் என்று ஒரு கூட்டமே உண்டு.

இன்னொரு சோதனை, "ஹவ்" போட்டுக் கேள்வி கேட்பது. "ஹவ் கோல்டு இஸ் இட்?" என்று யாரும் கேட்பார்கள். "ஹவ் ஃப்ரீசிங் இஸ் இட்?" என்று கேட்க மாட்டார்கள். ஆனால் முதல் சோதனையைத்தான் நான் அதிகம் நம்புவேன். ஹவ் சோதனை சில சொற்களில் வழுக்கும்.

தமிழில் இப்படி ஒரு விதியே இல்லையே. 'ரொம்ப' எல்லாவற்றுக்கும் போகிறதே?

பெரும்பாலும் போகிறது, அதுதான் நமக்கு வினை. "சாப்பாடு ரொம்ப நல்லா இருந்தது" என்கிற வாயால் "ரொம்ப அற்புதமா இருந்தது" என்றும் சொல்கிறோம். இரண்டும் தமிழில் உறுத்தவில்லை. அந்தப் பழக்கத்தில் ரொம்பவுக்குப் பதில் வெரி வைத்து "வெரி குட்", "வெரி ஃபென்டாஸ்டிக்" என்று இரண்டையும் ஒரே தட்டில் போட்டுவிடுகிறோம். முதலாவது சரி, இரண்டாவது ஆங்கிலக் காதுக்கு இடிக்கும்.

ஆனால் விதியே இல்லை என்று சொல்ல முடியாது. கறுப்பு என்ற சொல்லுக்கு முன்னால் 'ரொம்ப' வரும், 'கொஞ்சம்' வரும். கன்னங்கரேல் என்பதற்கு முன்னால்? "ரொம்பக் கன்னங்கரேல்னு இருந்தது" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "கொஞ்சம் பச்சைப்பசேல்னு", "ஓரளவு வெள்ளைவெளேர்னு" என்றால் பேச்சு கேட்பவர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார். கன்னங்கரேலுக்குள்ளேயே கறுப்பின் உச்சம் இருப்பதால் வெளியிலிருந்து இன்னொரு 'ரொம்ப' தேவைப்படவில்லை. எக்ஸாஸ்டட், ஃப்ரீசிங், ஹ்யூஜ் எல்லாம் ஆங்கிலத்தின் கன்னங்கரேல்கள். வெரி போடப் போகும்போது இதை நினைத்துக்கொண்டால் நாக்கு தானாக நிற்கும்.

எக்ஸ்ட்ரீம் அட்ஜெக்டிவ் என்றால் அதற்கு எக்ஸ்ட்ரீம்லி தானே போட வேண்டும்?

பெயர் செய்யும் மோசடி இது. எக்ஸ்ட்ரீம்லி வெரியின் அண்ணன். வேலை ஒன்றுதான், கொஞ்சம் பலம் கூடுதல். எக்ஸ்ட்ரீம்லி டயர்டு, எக்ஸ்ட்ரீம்லி கோல்டு, எக்ஸ்ட்ரீம்லி ஆங்க்ரி என்று கிரேடபிள் சொற்களோடுதான் அது சேரும். "எக்ஸ்ட்ரீம்லி ஃப்யூரியஸ்" என்று எழுதினால் வெரி ஃப்யூரியஸ் எழுதியதற்கு இருக்கும் குறையே இதற்கும்.

ஆப்சொல்யூட்லி, கம்ப்ளீட்லி, டோட்டலி, அட்டர்லி – எக்ஸ்ட்ரீம் சொல்லாக இருந்தால் இதில் எதை வேண்டுமானாலும் போடலாமா?

இங்கேதான் பாடநூல்கள் அவசரமாகக் கடந்து போய்விடுகின்றன. நான்கையும் ஒரே பெட்டியில் போட்டு "எக்ஸ்ட்ரீம் அட்ஜெக்டிவுடன் வரும்" என்று எழுதிவிடுவார்கள். மாணவர் அதை நம்பி "த தோசை வாஸ் கம்ப்ளீட்லி டெலிசியஸ்" என்பார். விதிப்படி சரி, ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

கம்ப்ளீட்லி, டோட்டலி இரண்டுக்கும் ஓர் எல்லைக்கோடு வேண்டும். ஒன்று தீர்ந்துபோவது, நிரம்பிப்போவது, அழிந்துபோவது, மாறிப்போவது மாதிரியான இடங்களில் 'கடைசி வரைக்கும்' என்று சொல்வது அவற்றின் வேலை. கம்ப்ளீட்லி ஃபுல், கம்ப்ளீட்லி எம்ப்டி, டோட்டலி டிஃபரன்ட், கம்ப்ளீட்லி ராங் என்று வருவதெல்லாம் அதனால்தான். எக்ஸாஸ்டட் என்ற சொல்லுக்குத் தீர்ந்துபோனது என்றும் ஒரு பொருள் உண்டு. உடம்பில் இருந்த தெம்பு முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று அதில் ஓர் எல்லை தெரிகிறது. அதனால் கம்ப்ளீட்லி எக்ஸாஸ்டட், டோட்டலி எக்ஸாஸ்டட் இரண்டும் நன்றாகப் பொருந்தும்.

ஹ்யூஜ், டெலிசியஸ், ஃப்யூரியஸ் இவற்றில் உச்சம் இருக்கிறது, ஆனால் கோடு இல்லை. ருசி எந்த இடத்தில் 'முழுமை' அடைகிறது? ஒரு கட்டடம் எத்தனை அடியில் 'கம்ப்ளீட்லி ஹ்யூஜ்' ஆகும்? அங்கே கம்ப்ளீட்லி தடுமாறும். ஆப்சொல்யூட்லிக்கு மட்டும் கோடு தேவையில்லை. "நான் மிகைப்படுத்தவில்லை, இந்தச் சொல்லைத் தெரிந்தேதான் சொல்கிறேன்" என்ற உறுதி மட்டுமே அதில் இருப்பதால் ஆப்சொல்யூட்லி ஹ்யூஜ், ஆப்சொல்யூட்லி டெலிசியஸ், ஆப்சொல்யூட்லி ஃப்யூரியஸ், ஆப்சொல்யூட்லி எக்ஸாஸ்டட் எல்லாமே பழுதில்லாமல் வரும். எதைப் போடுவது என்று தெரியாமல் விழிக்கும்போது ஆப்சொல்யூட்லி போடுங்கள், பெரும்பாலும் தப்பாது.

அட்டர்லி கொஞ்சம் தனி ரகம். கெட்டதைச் சொல்லும் சொற்கள் பக்கம் அது சாயும்: அட்டர்லி ரிடிகுலஸ், அட்டர்லி யூஸ்லெஸ், அட்டர்லி மிசரபிள், அட்டர்லி எக்ஸாஸ்டட். நல்ல சொல்லோடு வரவே வராது என்றில்லை, "அட்டர்லி சார்மிங்" என்பவர்களும் உண்டு. ஆனால் பேச்சில் அது கொஞ்சம் நாடகத்தனமாக ஒலிக்கும்.

குறைத்துச் சொல்ல வேண்டுமென்றால்? "இட் இஸ் எ பிட் ஃப்ரீசிங்" என்று சொன்னேன், நண்பர் சிரித்தார்.

சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. எ பிட், எ லிட்டில், ஸ்லைட்லி, ஃபேர்லி எல்லாம் அளவைக் குறைத்துச் சொல்பவை. உச்சத்தில் நிற்கிற சொல்லைக் கொஞ்சமாக்க முடியாது. கொஞ்சம் குளிர் என்றால் "எ பிட் கோல்டு", நல்ல குளிர் என்றால் "வெரி கோல்டு", தாங்கவில்லை என்றால் "ஃப்ரீசிங்". மூன்று படி, மூன்று சொல்.

ஒரு சங்கதி சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக்காரர்கள் வேண்டுமென்றே "இட் இஸ் எ பிட் ஃப்ரீசிங், இஸ்ன்ட் இட்?" என்று கிண்டலாகச் சொல்வதும் உண்டு. உள்ளதைக் குறைத்துச் சொல்லிச் சிரிப்பது அவர்கள் வழக்கம். தேர்வில் இந்த வம்பு வேண்டாம்.

எதிர்மறையிலும் இதே கவனம் தேவை. "ஐ ஆம் நாட் வெரி டயர்டு" சரி. "நாட் வெரி எக்ஸாஸ்டட்" ஆகாது. யாராவது "யூ மஸ்ட் பி எக்ஸாஸ்டட்!" என்று பரிவோடு கேட்டு, உங்களுக்கு அவ்வளவு களைப்பு இல்லை என்றால், சொல்லையே ஒரு படி கீழே இறக்குங்கள்: "நோ, ஜஸ்ட் எ பிட் டயர்டு."

ரியலி எல்லாவற்றுக்கும் போகும் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. ரியலி டயர்டு, ரியலி எக்ஸாஸ்டட், ரியலி கோல்டு, ரியலி ஃப்ரீசிங் எல்லாமே சரி. ரியலி அளக்கவில்லை, 'நிஜமாகவே' என்று சத்தியம் செய்கிறது. அதனால் இரண்டு பக்கமும் அதற்கு வழி உண்டு. 'ஸோ'வும் அப்படித்தான், "ஐ ஆம் ஸோ எக்ஸாஸ்டட்" என்று தாராளமாகச் சொல்கிறார்கள்.

பேச்சு வேகத்தில் வகை நினைவுக்கு வராவிட்டால் ரியலி போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். அலுவலகக் கடிதத்திலும் கட்டுரையிலும் மட்டும் அதைக் குறையுங்கள், பேச்சு வாடை அடிக்கும்.

க்வைட் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். க்வைட் என்றால் 'ரொம்ப'வா, 'ஓரளவு'வா?

பின்னால் என்ன சொல் வருகிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் இந்தப் பாடத்தில் அதற்குத் தனி இடம்.

பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கிரேடபிள் சொல்லுக்கு முன்னால் வந்தால் பெரும்பாலும் 'ஓரளவு'. "த ஃபிலிம் வாஸ் க்வைட் குட்" என்று லண்டன்காரர் சொன்னால் படம் பரவாயில்லை, பார்க்கலாம் என்று பொருள். க்வைட்டை அழுத்தி, குட்டை இறக்கிச் சொன்னால் "ஏதோ இருக்கு" என்ற அளவுக்குப் போய்விடும். அதே ஆள் "க்வைட் எக்ஸாஸ்டட்", "க்வைட் இம்பாசிபிள்", "க்வைட் பிரில்லியன்ட்" என்று எக்ஸ்ட்ரீம் சொல்லோடு சொன்னால் அது 'முழுக்க'. அதாவது, ஆப்சொல்யூட்லி செய்யும் வேலை. ஒரே சொல், அடுத்த சொல்லைப் பார்த்துக் கட்சி மாறுகிறது.

அமெரிக்காவில் "க்வைட் குட்" என்றால் 'வெரி குட்' பக்கமாகப் போகும், அங்கே அது பாராட்டு. அதனால் உங்கள் அறிக்கையைப் படித்துவிட்டு அமெரிக்க மேலதிகாரி "க்வைட் குட்" என்றால் சந்தோஷப்படலாம். பிரிட்டிஷ் மேலதிகாரி அதையே சொன்னால் அறிக்கையை இன்னொரு முறை திறந்து பார்ப்பது நல்லது. நீங்கள் எழுதும்போது யார் படிப்பார்கள் என்று தெரியாவிட்டால் க்வைட்டையே தவிர்த்து, ஃபேர்லி அல்லது வெரி என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

'நாட் க்வைட்' மட்டும் எங்கும் ஒன்றே: முழுசாக இல்லை, கொஞ்சம் பாக்கி. "நாட் க்வைட் ரெடி", "நாட் க்வைட் பெர்ஃபெக்ட்".

டெட், மேரீடு, யூனிக் – இவையும் எக்ஸ்ட்ரீம் அட்ஜெக்டிவா? இதற்கும் வெரி போடக் கூடாதாமே.

வெரி வராது என்பதில் ஒற்றுமை, மற்றபடி வேறு சாதி. டயர்டின் உச்சம் எக்ஸாஸ்டட் என்று சொல்ல முடிகிறது. டெட் எதன் உச்சமும் இல்லை. ஒன்று உயிர் உண்டு, அல்லது இல்லை. மேரீடு, ப்ரெக்னன்ட் எல்லாம் இப்படி ஆம்-இல்லை சொற்கள். இவற்றுக்குப் பெரும்பாலும் எந்த அழுத்தச் சொல்லுமே தேவைப்படாது. எல்லைக்கோடு தெளிவாக இருப்பதால் கோட்டை நெருங்குவதைச் சொல்லும் ஆல்மோஸ்ட், நியர்லி இரண்டும் இவற்றில் சிலவற்றோடு நன்றாகச் சேரும்: ஆல்மோஸ்ட் டெட், நியர்லி ஃபுல், ஆல்மோஸ்ட் எம்ப்டி. ஆல்மோஸ்ட் ஹ்யூஜ் என்று வராது, காரணம் மேலே கம்ப்ளீட்லியில் பார்த்ததேதான்.

யூனிக், பெர்ஃபெக்ட் இரண்டும் நிரந்தரச் சண்டைக்காரர்கள். "வெரி யூனிக்" என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள். இலக்கணப் பிரியர்கள் பல்லைக் கடிக்கிறார்கள். பெர்ஃபெக்டுக்கு மோர் போடக் கூடாது என்று வாதாடுபவர்களிடம், 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தின் முகப்புரையே "எ மோர் பெர்ஃபெக்ட் யூனியன்" என்றுதான் சொல்கிறது என்று எடுத்துக்காட்டுவது வழக்கம். சாசனம் எழுதியவர்களுக்கு உள்ள சலுகை தேர்வு எழுதுபவர்களுக்குக் கிடைக்காது. யூனிக்கை வெறுமனே யூனிக் என்றே எழுதுங்கள்.

"ஸாம்பார் இஸ் டூ குட்" என்று எல்லோரும் சொல்கிறோமே, அது சரியா?

நம் ஊரில் புரியும், எல்லோரும் சொல்வதுதான். வெளியே போனால் வேறு பொருள் தரும். டூ என்றால் தேவைக்கு மிஞ்சியது, அதனால் ஒரு சிக்கல். "டூ டயர்டு டு குக்" என்றால் சமைக்க முடியாத அளவு களைப்பு. ரொம்ப நன்றாக இருக்கிறது என்பதற்கு வெரி குட், ரியலி குட், அல்லது ஒரேயடியாக ஆப்சொல்யூட்லி டெலிசியஸ்.

எக்ஸ்ட்ரீம் சொற்களில் "டூ எக்ஸாஸ்டட் டு ஸ்பீக்" மாதிரி சில வரும். "டூ டெலிசியஸ்", "டூ ஃப்ரீசிங்" எல்லாம் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மோர், மோஸ்ட் போடலாமா?

கிரேடபிளுக்குத் தடையில்லை: கோல்டர், மோர் டயர்டு, த ஹங்க்ரியஸ்ட். எக்ஸ்ட்ரீமுக்குப் பொதுவாக வராது. "மோர் ஃப்ரீசிங்", "மோர் ஸ்டார்விங்" என்று யாரும் ஒப்பிடுவதில்லை. "மோர் எக்ஸாஸ்டட் தன் எவர்" மாதிரி சில தொடர்கள் மட்டும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டால் திருத்தப் போகாதீர்கள்.

எக்ஸாஸ்டடா, எக்ஸாஸ்டிங்கா?

ஆள் எக்ஸாஸ்டட், வேலை எக்ஸாஸ்டிங். டயர்டு–டயரிங், டெரிஃபைடு–டெரிஃபையிங் எல்லாம் இதே கணக்கு. ஸ்டார்விங், ஃப்ரீசிங், பாய்லிங் மூன்றும் இங்கே ஏமாற்றும்: ஆளைச் சொல்லும்போதும் 'இங்'தான். பசிக்கிறது என்பதற்கு "ஐ ஆம் ஸ்டார்வ்டு" என்று தேடிப் போக வேண்டாம், "ஐ ஆம் ஸ்டார்விங்" போதும். ஆனால் நிஜப் பஞ்சத்தைப் பற்றிப் பேசுகிற இடத்தில் ஸ்டார்விங் என்பது பட்டினியால் சாவதையே குறிக்கும். அங்கே போய் ஆப்சொல்யூட்லி சேர்த்து அலங்கரிக்கக் கூடாது.

ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்குக்காக ஒரு பயணத்தைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். எங்கே தவறு என்று சொல்ல முடியுமா? – "வீ ரீச்டு ஊட்டி அட் ஃபைவ் இன் த மார்னிங். ஐ வாஸ் வெரி எக்ஸாஸ்டட். இட் வாஸ் எ பிட் ஃப்ரீசிங். மை சன் வாஸ் ஆப்சொல்யூட்லி ஹங்க்ரி. த ரூம் வாஸ் வெரி டைனி அண்ட் டோட்டலி டர்ட்டி. மை ஹஸ்பண்ட் வாஸ் எக்ஸ்ட்ரீம்லி ஃப்யூரியஸ். பட் த டீ வாஸ் டூ குட்."

காட்சி கண்முன் வருகிறது, அது பாதி வெற்றி. சொற்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"வெரி எக்ஸாஸ்டட்" இப்போது உங்களுக்கே தெரியும். ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து, மலைப்பாதை வளைவுகளில் தூக்கமும் கெட்டிருந்தால் எக்ஸாஸ்டட் தகும். "ஐ வாஸ் கம்ப்ளீட்லி எக்ஸாஸ்டட்" என்று சொல்லுங்கள். ஓரளவு தூங்கியிருந்தால் "வெரி டயர்டு" போதும். "எ பிட் ஃப்ரீசிங்"கில் நீங்கள் முடிவெடுக்க வேண்டும்: சால்வை போர்த்தினால் சரியாகிற குளிர் என்றால் "எ பிட் கோல்டு", பல் தந்தியடித்தது என்றால் "ஆப்சொல்யூட்லி ஃப்ரீசிங்". ஃப்ரீசிங் என்று சொல்ல ஊட்டியில் தண்ணீர் உறைய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

பையனுடைய பசிக்கு "வெரி ஹங்க்ரி" அல்லது "ஸ்டார்விங்". ஆப்சொல்யூட்லியையும் ஹங்க்ரியையும் பிரித்துவிடுங்கள்.

"வெரி டைனி"யை நான் தொட மாட்டேன். விதிப்படி டைனி எக்ஸ்ட்ரீம் சொல்தான், ஆனாலும் அதோடு வெரி சேர்த்துப் பேசுவது ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களிடமே சகஜம். எல்லாச் சொல்லும் விதிக்கு ஒரே அளவில் கட்டுப்படாது. "டோட்டலி டர்ட்டி"க்குப் பதில் "ரியலி டர்ட்டி", அல்லது தரையில் கால் வைக்கவே கூசியது என்றால் "ஆப்சொல்யூட்லி ஃபில்தி". கணவரின் கோபம் "எக்ஸ்ட்ரீம்லி ஆங்க்ரி" அல்லது "ஃப்யூரியஸ்", இரண்டையும் சேர்த்து அல்ல. டீ "ரியலி குட்".

ஆனால் இவற்றையெல்லாம் உச்சத்துக்கே மாற்றி வைத்தால் என்ன ஆகும்? கம்ப்ளீட்லி எக்ஸாஸ்டட், ஆப்சொல்யூட்லி ஃப்ரீசிங், ஸ்டார்விங், ஃபில்தி, ஃப்யூரியஸ் என்று ஐந்தாறு வரிக்குள் எல்லாமே கத்துகிறது; கேட்பவருக்கு எது உண்மையில் பெரிய விஷயம் என்று தெரியாது. நான் இப்படிச் சொல்வேன்: "ஐ வாஸ் ப்ரிட்டி டயர்டு, அண்ட் இட் வாஸ் வெரி கோல்டு. மை சன் வாஸ் ஹங்க்ரி. தென் வீ சா த ரூம். இட் வாஸ் டைனி, அண்ட் ஆப்சொல்யூட்லி ஃபில்தி. மை ஹஸ்பண்ட் வாஸ் ஃப்யூரியஸ். த டீ வாஸ் ரியலி குட், தோ." அறைக்கு வரும்வரை அடக்கி வாசித்ததால் ஃபில்தி அங்கே சரியாக இறங்குகிறது.

மதிப்பெண் கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்கில் நான்கு அம்சங்களுக்குச் சம மதிப்பு. அதில் ஒன்று சொல்வளம். எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதும் சொல்வளத்தில் பார்க்கப்படும். எக்ஸாஸ்டட் என்று ஒரு நல்ல சொல்லை எடுத்துவிட்டு அதன் முன்னால் வெரியை ஒட்டினால், எடுத்ததன் பலன் பாதிதான் கிடைக்கும்.

யூடியூபில் அமெரிக்கர்களே "வெரி எக்ஸாஸ்டட்", "ப்ரிட்டி அமேசிங்" என்கிறார்களே. அப்புறம் எதற்கு இந்த விதி?

சொல்கிறார்கள், மறுக்கவில்லை. "ப்ரிட்டி அமேசிங்", "ப்ரிட்டி ஆஃபுல்" எல்லாம் பேச்சில் நிலைத்தே விட்டன. டோட்டலியை இளைஞர்கள் எதற்கும் போடுகிறார்கள். எக்ஸ்ட்ரீம் சொல் அதிகமாகப் புழங்கப் புழங்க அதன் உச்சம் தேய்ந்து, சாதாரண கிரேடபிள் சொல்லாகக் கீழே இறங்கும். அமேசிங் அப்படி இறங்கிக்கொண்டிருக்கிற சொல். எக்ஸாஸ்டட் கொஞ்சம் ஆடுகிறது, ஃப்யூரியஸ், ஸ்டார்விங், ஃப்ரீசிங் இன்னும் உறுதியாக நிற்கின்றன.

ஆகவே காதில் விழுவதைத் தப்பு என்று முத்திரை குத்த வேண்டாம், தேர்வில் அதையே எழுதவும் வேண்டாம். கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் தேர்வின் முதல் பகுதியில் பொருள் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் நான்கு சொற்களைக் கொடுத்து, கோடிட்ட இடத்துக்குப் பொருந்துவதைக் கேட்பார்கள். அங்கே "பேசும்போது எல்லாம் ஓடுகிறதே" என்று வாதாட ஆள் கிடையாது.

பேசும்போது ஆப்சொல்யூட்லி போட்டாலும் என் பேச்சு தட்டையாக இருக்கிறது. ஏன்?

அழுத்தத்தை எங்கே வைக்கிறீர்கள் என்று கவனியுங்கள். எக்ஸ்ட்ரீம் சொல்லைச் சொல்லும்போது குரல் ஏறி அந்தச் சொல்லின் ஓர் அசையில் இறங்க வேண்டும். எக்ஸாஸ்டடில் நடு அசையான 'ஸா'வில், டெலிசியஸில் 'லி'யில், எனார்மஸில் 'நார்'இல், ஃப்யூரியஸில் முதலிலேயே. தமிழில் நாம் அசைகளை ஏறக்குறைய சமமாக ஒலிப்பதால் அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிடுகிறது.

முக்கால்வாசி நேரம் ஆப்சொல்யூட்லியே தேவைப்படாது. எதிரில் இருப்பவர் கிரேடபிள் சொல்லில் கேட்பார், நீங்கள் அதன் எக்ஸ்ட்ரீம் ஜோடியைத் திருப்பித் தருவீர்கள்: "ஆர் யூ ஹங்க்ரி?" – "ஸ்டார்விங்!" "வாஸ் ஹீ ஆங்க்ரி?" – "ஃப்யூரியஸ்!" "டயர்டு?" – "எக்ஸாஸ்டட்." வீட்டில் ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்லி, ஜோடி ஜோடியாக இப்படியே பழகிப் பாருங்கள். பட்டியலை வாசிப்பதைவிட இது சீக்கிரம் நாக்கில் படியும்.